பையனுக்குக் கார்பன் பிளேடு வாங்கலாமா?

கேள்வி: பையனுக்கு 13 வயசு. ரெண்டு வருஷமா முகப்பேர்ல டேபிள் டென்னிஸ் கோச்சிங் போறான். கையில இருக்கறது 5 பிளை ஆல்ரவுண்ட் வுட் பிளேடு. கூட ஆடற பசங்கல்லாம் கார்பனுக்கு மாறிட்டாங்க, தன் அடி மட்டும் மெதுவா போகுதுன்னு சொல்றான். கார்பன் வாங்கிக் கொடுத்தா ஸ்பீடு வருமா, கன்ட்ரோல் போயிடுமா?

பதில்:

ஸ்பீடு வரும். ஆனால் எந்த அடியில் வரும், எந்த அடியில் கன்ட்ரோல் போகும் என்பதைப் பிளேடில் கார்பன் இருக்கிறதா என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "கார்பன் வேணுமா, வுட் வேணுமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கார்பனை வெளிப்பக்கம் வைத்த பிளேடு இவனுக்கு இப்போது வேண்டாம். வேறு எது வாங்கலாம், எப்போது வாங்கலாம் என்பதற்கு முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பையனின் பேட்டில் ஓர டேப்பை உரித்துவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு ரப்பருக்கும் நடுவில் ஐந்து கோடுகளாக மரம் தெரியும். நடுவில் தடிமனாக இருப்பது கோர். பெரும்பாலும் அயூஸ் என்ற லேசான ஆப்பிரிக்க மரம். அதன் இரு பக்கமும் மெல்லிய அடுக்கு ஒன்று ஒன்று, அதன் நார் குறுக்காக ஓடும்படி ஒட்டியிருப்பார்கள். அதற்கும் வெளியே, ரப்பர் ஒட்டும் முகத்தில், இன்னொரு மெல்லிய அடுக்கு. இந்த வெளி அடுக்கு லிம்பாவாக இருந்தால் தொடுகை மென்மையாக இருக்கும். கோட்டோவாக இருந்தால் கெட்டியாக, பந்தைச் சட்டென்று தள்ளும். ஆல்ரவுண்ட் பிளேடுகளில் எல்லாம் சேர்த்து சுமார் ஐந்தரை முதல் 6 மி.மீ. தடிமன் வரும்.

கார்பன் பிளேடு என்றாலும் அது மரப் பிளேடுதான். சர்வதேச விதிப்படி பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். மர அடுக்குகளை ஒட்டும் பசை அடுக்கில் கார்பன் போன்ற இழைகளைச் சேர்க்கலாம். அப்படிப்பட்ட ஓர் அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்தையோ 0.35 மி.மீட்டரையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. அதாவது நீங்கள் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் "கார்பன்", காகிதம்போல இரண்டே இரண்டு தாள். அந்த இரண்டு தாளும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதால்தான் இரண்டு கார்பன் பிளேடுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஆடுகின்றன.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்து வளையுங்கள். ஒரு முகம் இழுபடும், மறு முகம் சுருங்கும், நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. பந்து படும்போது பிளேடுக்கும் இதேதான் நடக்கிறது. ஆகவே விறைப்பான தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது முழு வேலையும் செய்யும். நடுவில் வைத்தால் பாதிக்கு மேல் தூங்கும். கணக்கும் எளிது: ஒரு தாள் பிளேடுக்குத் தரும் விறைப்பு, நடுக்கோட்டிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5.8 மி.மீ. பிளேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து முகம் 2.9 மி.மீ. மேலுள்ள மர அடுக்கு 0.6 மி.மீ. என்று வைத்தால், அதன் கீழே ஒட்டிய கார்பன் நடுவிலிருந்து 2.3 மி.மீ. தூரத்தில் இருக்கும். அதே கார்பனை இன்னொரு 0.6 மி.மீ. அடுக்குக்கும் கீழே, கோரை ஒட்டி வைத்தால் தூரம் 1.7 ஆகிவிடும். 2.3ஐயும் 1.7ஐயும் வர்க்கப்படுத்தி வகுத்தால் கிட்டத்தட்ட 1.8. அதே துணி, அதே பசை, அதே எடை. இடத்தை மாற்றியதற்கே அந்தத் தாள் தரும் விறைப்பு 1.8 மடங்கு வித்தியாசப்படுகிறது.

வெளிக்கார்பனுக்குப் பெயர்போன உதாரணம் பட்டர்ஃபிளை விஸ்காரியா. கோட்டோ முகத்துக்கு நேர் கீழே ஏ.எல்.சி. என்னும் அரிலேட்டும் கார்பனும் கலந்து நெய்த துணி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற ஜாங் ஜிகே அந்த ரகத்தில் ஆடினார் என்பதால் பசங்களுக்கு அதன்மேல் ஒரு மயக்கம். உள்கார்பனுக்கு உதாரணம் அதே கம்பெனியின் இன்னர்ஃபோர்ஸ் வரிசை, அப்புறம் டி.எச்.எஸ். என்ற சீனக் கம்பெனி சீன ஆட்டக்காரர் மா லாங் பெயரில் விற்கும் ஹரிக்கேன் லாங் 5. இரண்டு வகையிலும் உலகத்தின் உச்சத்தில் ஆடியிருக்கிறார்கள். எனவே எது உசத்தி என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. 13 வயதுப் பையனின் கைக்கு எது பொருந்தும் என்பதுதான் பேச்சு.

கார்பனே இல்லாமலும் ஸ்பீடு ஏறும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே மரத்தில் தடிமனைக் கூட்டினால் விறைப்பு அந்தத் தடிமனின் முப்படியில், அதாவது தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில், ஏறும். 5.6 மி.மீ. பிளேடு 6.2 ஆனால் சுமார் 35 சதவீதம் விறைப்பு கூடுகிறது. ஸ்டிகா கிளிப்பர் போன்ற 7 பிளை மரப் பிளேடுகள் ஏன் வேகமாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஸ்பீடு எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது சொந்த அளவுகோல். தடிமன், முகத்து மரம், கார்பன் இருக்கும் இடம் இந்த மூன்றும் அதைவிட அதிகம் சொல்லும்.

இனி கையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பந்து பேட்டில் இருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. மெதுவாகத் தொட்டால் அந்த நேரத்தில் ரப்பரும் ஸ்பாஞ்சும் மட்டுமே அமுங்கும், பிளேடு அதிகம் வேலை செய்யாது. ஓங்கி அடித்தால் ஸ்பாஞ்ச் அமுங்கித் தீர்ந்து, சுமை பிளேடுக்கு இறங்கும். உள்கார்பன் பிளேடு மெதுவான பந்தில் மரம்போலவே இருந்து, ஓங்கும்போது மட்டும் ஏன் உதைக்கிறது என்பது இதிலிருந்து புரியும். வெளிக்கார்பன் அப்படிக் காத்திருக்காது. நடுத்தர வேகத்திலேயே பந்தைத் துப்பிவிடும்.

இது மிகவும் வலிக்கும் இடம் ஒன்று உண்டு: எதிராளி நீளமாகப் புஷ் செய்த பேக்ஸ்பின் பந்தை முதல் டாப்ஸ்பினாகத் தூக்கும் அடி. வளரும் ஆட்டக்காரனுக்கு இதைவிட முக்கியமான அடி கிடையாது, ஏனென்றால் அவன் பாயிண்டுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பேக்ஸ்பின் பந்து ரப்பரில் பட்டதும் கீழே இறங்கப் பார்க்கும். அதை மேல்நோக்கித் தேய்த்து, சுழற்சியைத் திருப்பி, 15.25 செ.மீ. வலையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து 1.37 மீட்டருக்குள் இறக்க வேண்டும். வளையும் மரப் பிளேடு பந்தைக் கொஞ்சம் தாங்கி, கொஞ்சம் உயரமான வளைவில் விடும். கை வேகம் குறைவாக இருந்தாலும் பந்து வலையைத் தாண்டிவிடும். விறைப்பான பிளேடில் பந்து சீக்கிரமாகவும் தாழ்வாகவும் கிளம்பும். ரப்பருக்குப் பிடித்துத் திருப்பக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட மணிக்கட்டும் முன்கையும் படு வேகமாகப் போக வேண்டும். பெரிய ஆட்டக்காரர்களுக்கு அந்த வேகம் இருக்கிறது. இரண்டு வருடம் ஆடிய பையனுக்கு நல்ல நாளில் இருக்கும், களைத்த நாளில் இருக்காது.

விளைவு எப்படித் தெரியும் தெரியுமா? முதல் வாரம் பந்து வலையில் விழும். இரண்டாவது வாரம் பையன் பேட்டின் முகத்தைச் சற்றுத் திறந்துகொள்வான், பந்து டேபிளைத் தாண்டிப் போகும். மூன்றாவது வாரம் அவனே ஒரு வழி கண்டுபிடிப்பான்: ஸ்விங்கைப் பாதியில் நிறுத்தித் தட்டுவது. அந்தத் தட்டு உள்ளே விழும், வேகமாகவும் போகும். பார்ப்பவர்களுக்கு ஆட்டம் முன்னேறியதுபோலத் தெரியும். உண்மையில் தேய்க்கும் அடி செத்துவிட்டது. சுழற்சி குறைந்த அந்தப் பந்தை நிதானமாகப் பிளாக் செய்யத் தெரிந்த எதிராளி வந்ததும் இவனிடம் வேறு எதுவும் இருக்காது. சப்-ஜூனியர் ஆட்டங்களில் வீடியோ எடுத்துப் பாருங்கள்: டாப்ஸ்பின் முடியும்போது பேட் நெற்றி உயரத்துக்கு வருகிறதா, மார்பு உயரத்திலேயே நிற்கிறதா என்று. வெகு சுலபமாகப் பிடிபடும் அறிகுறி இது.

வலைக்கருகே ஆடும் ஆட்டத்திலும் இதே கதை, சற்றுச் சிறிய அளவில். சின்ன சர்வீஸை, எதிர்ப்பக்கம் இரண்டு முறை குதிக்கும்படி, சின்னதாகத் திருப்பி வைக்க வேண்டும். வெளிக்கார்பனில் அது அரை அடி நீண்டுபோய் எதிராளிக்கு விருந்தாகும். அதோடு தகவல் ஒன்றும் கைக்கு வராமல் போகும். மரப் பிளேடில் பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் ஆள்காட்டி விரலில் ஓர் அதிர்வு வரும். "தப்பான இடத்தில் பட்டது" என்று கை தானாகவே கற்றுக்கொள்ளும். ஏ.எல்.சி.யில் இருக்கும் அரிலேட் அந்த அதிர்வை அடக்குவதற்கென்றே சேர்க்கப்பட்டது. தேர்ந்தவர்களுக்கு அது சுகம், கற்பவனுக்கு நஷ்டம்.

கார்பனின் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். பிளாக்கிலும், டேபிளை ஒட்டி நின்று எதிர் அடிப்பதிலும் விறைப்பான பிளேடு கன்ட்ரோலைக் கெடுப்பதில்லை, கூட்டுகிறது. பந்து நடுவிலிருந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் வேகம் அதிகம் குறையாது, வேகமான பந்துக்குப் பிளேடு வளைந்து கொடுக்காது, ஆகவே கோணம் மாறாது. உங்கள் பையன் கூட ஆடுகிற பசங்க "கார்பன்ல கன்ட்ரோல் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் பொய் சொல்லவில்லை. பிளாக்கையும் அடியையும் வைத்துச் சொல்கிறார்கள். கன்ட்ரோல் என்பது ஒரே எண் அல்ல. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி.

அப்படியென்றால் பையன் சொல்லும் "மெதுவா போகுது" என்பது பிளேடின் குறையா, கையின் குறையா? டேபிளில் எதிர்ப்பக்கம், கடைசிக் கோட்டிலிருந்து 40 செ.மீ. உள்ளே ஒரு கோடு தெரியும்படி செய்தித்தாளை விரித்து டேப் போட்டு ஒட்டுங்கள். யாராவது மல்டிபால் போடட்டும். டாப்ஸ்பின் பந்துகளுக்கு இவன் டேபிளிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் நின்று முழு ஸ்விங்கில் அடிக்க வேண்டும். முழுதாகச் சுற்றி, இடுப்பு திரும்பி, பேட் நெற்றிக்கு வந்தும் பந்து செய்தித்தாளை எட்டாமல் நடு டேபிளிலேயே விழுந்தால் பிளேடு உண்மையிலேயே தடையாகிறது. பந்து வலையில் விழுந்தாலோ, செய்தித்தாளில் ஒன்று, வெளியே ஒன்று, வலையில் ஒன்று என்று சிதறினாலோ, பிளேடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கால் நேரத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். பழைய ரப்பரையும் சந்தேகப்படுங்கள். முகம் பளபளப்பு மங்கி, துடைத்த பிறகும் பந்து வழுக்கினால், புது ரப்பர் போட்டதுமே "மெதுவான" பிளேடு வேகமாகிவிடும். வாரத்தில் ஐந்து நாள் ஆடும் பையனுக்கு ஒரே ரப்பர் வருடக்கணக்கில் வராது.

அடுத்து கூட ஆடும் பையனின் கார்பன் பேட்டை ஒரு மாலை கேட்டு வாங்குங்கள். முடிந்தவரை இவன் ரப்பருக்கு நெருங்கிய ரப்பர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பிளேடைச் சோதிக்காமல் ரப்பரைச் சோதித்ததாகிவிடும். இரண்டு பேட்டிலும் அதே வரிசை: பேக்ஸ்பின் பந்துக்கு மெதுவான, சுழற்சி அதிகமான டாப்ஸ்பின் 20, அதே பந்துக்கு முழு வேக டாப்ஸ்பின் 20, சின்ன சர்வீஸுக்குச் சின்ன ரிட்டர்ன் 20, பிளாக் 20. உள்ளே விழுந்ததை மட்டும் எண்ணி எழுதுங்கள். சின்ன ரிட்டர்னில் இரண்டு முறை குதித்தவை மட்டும் கணக்கு.

மரத்தில் மெதுவானது 16, முழு வேகம் 12, ரிட்டர்ன் 13, பிளாக் 14 என்றும், கார்பனில் 9, 13, 8, 16 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம். இந்த வயதில் எதிர்பார்க்கக்கூடிய வடிவம் இதுதான். முழு வேகத்திலும் பிளாக்கிலும் சேர்த்து மூன்று பந்து லாபம். மெதுவான டாப்ஸ்பினிலும் ரிட்டர்னிலும் பன்னிரண்டு நஷ்டம். பையன் வீட்டுக்கு வரும்போது அந்த மூன்றைத்தான் பேசிக்கொண்டு வருவான், ஏனென்றால் அவை சத்தமாக அடித்தவை. நான் வைத்துக்கொள்ளும் வரம்பு இது: புது பேட்டில், பழகாத முதல் நாளிலேயே மெதுவான டாப்ஸ்பின் 20க்கு 14ஆவது உள்ளே விழ வேண்டும். விழுந்தால் அந்த விறைப்புக்குக் கை தயார். விழாவிட்டால் இன்னும் ஆறு மாதம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்யலாம்.

இப்போதே ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆல்ரவுண்டிலிருந்து ஒரு படி மேலே போகும் 5 பிளை மரப் பிளேடுக்குப் போங்கள். பட்டர்ஃபிளை கோர்பெல், யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா இந்த இடத்தில் வருபவை. டேபிளை ஒட்டி நின்று அடிப்பவன் என்றால் 7 பிளை மரம். அதில் ஓராண்டு ஆடி, மேலே சொன்ன சோதனையில் தேறினால் உள்கார்பன். வெளிக்கார்பன் அதற்கும் பிறகு, அதுவும் டேபிளுக்கு நெருக்கமாக ஆடுகிறவனுக்கு. பின்னால் நின்று சுழற்றுகிறவனுக்கு அது ஒருபோதும் தேவைப்படாமலும் போகலாம்.

கடைக்குப் போகும்போது எடையைக் கேளுங்கள். ஒரே மாடலில் 80 கிராமும் இருக்கும், 90 கிராமும் இருக்கும், மரம் அப்படித்தான். இந்த வயதுக்கு முழு பேட் 170 கிராம் சுற்றி இருந்தால் போதும்: பிளேடு 84, வெட்டி ஒட்டிய ரப்பர் ஒவ்வொன்றும் 43 என்றால் சரியாக வந்துவிடும். சீன ஒட்டு ரப்பர் போட்டால் ஒவ்வொன்றும் ஐந்து ஆறு கிராம் ஏறும், அதுவும் பேட்டின் தலைப்பக்கம். தலை கனத்தால் பேக்ஹேண்டுக்குத் திரும்பும் நேரத்தில் கை தாமதமாகும், அதைப் பிளேடின் மெத்தனம் என்று தப்பாக நினைப்பார்கள்.

பிளேடு மாற்றும்போது ரப்பரை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய ரப்பரைக் கைப்பிடி பக்கத்து மூலையிலிருந்து, பிளேடின் முகத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக மடித்து மெதுவாக உரியுங்கள். நார் எழும்பினால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். லிம்பா முகம் சீக்கிரம் பிய்ந்துவிடும். புது மரப் பிளேடுக்கு முதல் ரப்பர் ஒட்டும் முன் தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். இரண்டு மூன்று பூசினால் முகம் கெட்டியாகி, காசு கொடுத்து வாங்கிய மென்மை போய்விடும். ஸ்பாஞ்சுக்கு இரண்டு மெல்லிய பூச்சு பசை, பிளேடுக்கு ஒன்று. வெள்ளை நிறம் முழுக்க மறைந்து கண்ணாடிபோல ஆன பிறகுதான் ஒட்ட வேண்டும். ஏ.சி. அறையில் கால்மணி நேரத்தில் ஆகும் வேலை, ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னை வீட்டு ஹாலில் அரைமணிக்கு மேல் இழுக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே சிக்கிய ஈரம் மரத்துக்குள் போகும், ஓரமெல்லாம் ஒரு வாரத்தில் தூக்கிக்கொள்ளும். பேட்டை வண்டி டிக்கியில் மத்தியான வெயிலில் விட்டுவிட்டுப் போவதும் இதே கேட்டைச் செய்யும்.

எந்தப் பிளேடுக்கு மாறினாலும் மூன்று நான்கு வாரம் அடிகள் தாறுமாறாகப் போகும். மாவட்டப் போட்டியோ ரேங்கிங் போட்டியோ ஒரு மாதத்துக்குள் இருந்தால் பழைய பேட்டிலேயே ஆடட்டும். புதியதை அதற்கடுத்த திங்கட்கிழமை எடுத்து, முதல் வாரம் பேக்ஸ்பின் பந்துக்கு மெதுவான டாப்ஸ்பினையும் சின்ன ரிட்டர்னையும் மட்டும் போட வையுங்கள்; மேட்ச் அதற்குப் பிறகு ஆடிக்கொள்ளலாம்.